பகலில் காத்த டிரை ரன் காப்பு இரவில் ஏன் காக்கவில்லை? ஆம்பியரை நம்பலாமா, நீரோட்டத்தை நம்பலாமா?

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு ஆறரை அங்குல விட்டமுடையது. தண்ணீர் மட்டம் 200 அடியில் நிற்கிறது. ஒன்றரை எச்பி ஒருமுனை நீர்மூழ்கி மோட்டாரை 260 அடியில் இறக்கியிருக்கிறோம். ஊற்று குறைவு என்பதால், கால் மணி நேரம் ஓடினாலே தண்ணீர் வற்றி, மோட்டார் வெறுமனே சுழலத் தொடங்கிவிடும். அதைத் தடுப்பதற்காகப் பேனல் பெட்டியில் ஒரு மின்னோட்ட உணரியைப் பொருத்தி, ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையை நானே செய்து வைத்தேன். தண்ணீர் வரும்போது 9.6 ஆம்பியர், வற்றியதும் 5.9 ஆம்பியர் என்று அளந்து, 7 ஆம்பியருக்குக் கீழே ஐந்து விநாடி தொடர்ந்து இருந்தால் மோட்டார் நிற்கும்படி அமைத்தேன். எட்டு மாதம் பிழையில்லாமல் வேலை செய்தது.

சென்ற மாதம் ஓர் இரவு, மாடித் தொட்டியின் மிதவை தானாக மோட்டாரை இயக்கியது. காலையில் பார்த்தபோது தொட்டி காலியாக இருந்தது; மோட்டார் எரிந்திருந்தது. மேலே தூக்கிப் பிரித்ததில் பம்பின் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் உருகித் தண்டோடு ஒட்டியிருந்தன. கட்டுப்பாட்டுப் பலகையில் எந்தக் கோளாறும் இல்லை. இப்போதும் பகலில் சரியாக நிறுத்துகிறது. அப்படியானால் அன்று இரவு அது ஏன் சும்மா இருந்தது?

மாடித்தொட்டி

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் நனைந்தது. மிதவைச் சுவிட்சை மாற்றிவிட்டு, மேலே இன்னொரு மிதவையைப் பாதுகாப்புக்காக வைத்த பிறகு சரியாகிவிட்டது. நீங்களும் இரண்டு மிதவை வைத்துப் பாருங்கள்.

கிணற்றடி

நன்றி அம்மா. ஆனால் என் சிக்கல் மேலே நிரம்புவதில் இல்லை. கீழே வற்றுவதில் இருக்கிறது.

நுண்கட்டு

மின்னோட்டத்தை அளந்து தண்ணீர் இருக்கிறதா என்று ஊகிப்பது சுற்றுவழி. தண்ணீர் வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரையே பாருங்கள். YF-S201 என்ற அரை அங்குல நீரோட்ட உணரி மலிவாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 450 துடிப்புகள் தரும். துடிப்பு நின்றால் மோட்டாரை நிறுத்துங்கள். மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை.

செம்புச்சுருள்

இருபது ஆண்டுகளாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இதே கதையோடு கோடைக்காலத்தில் வாரம் இரண்டு மோட்டார்களாவது என் மேசைக்கு வரும்.

கிணற்றடி அவர்களிடம் முதலில் ஒரு கேள்வி: அன்று இரவு உங்கள் வீட்டு மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது? நீங்கள் 5.9 ஆம்பியர் என்று அளந்தது எந்த நேரத்தில்?

கிணற்றடி

அளந்தது பிற்பகலில், 215 வோல்ட் இருந்தபோது. அன்றிரவு எவ்வளவு என்று தெரியாது. ஆனால் பத்து மணிக்கு மேல் பேனல் மீட்டரில் 240, 245 என்று காட்டுவது வழக்கம்.

செம்புச்சுருள்

விடை அங்கேதான் இருக்கிறது. சுமையோடு ஓடும் மோட்டாரும் சுமையில்லாமல் ஓடும் மோட்டாரும் மின்னழுத்தத்துக்கு எதிரெதிராக நடந்துகொள்கின்றன. தண்ணீரைத் தள்ளும்போது செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய மாறாதது என்பதால், வோல்ட் கூடினால் ஆம்பியர் சற்றே குறைகிறது. வெறுமனே சுழலும்போது இழுக்கும் ஆம்பியரில் பெரும்பகுதி இரும்பைக் காந்தமாக்குவதற்கே செலவாகிறது. வோல்ட் கூடக்கூட இரும்பு தெவிட்டிப்போய், அந்த ஆம்பியர் விறுவிறுவென ஏறிவிடும். ஆகையால் பகலில் அகலமாக இருந்த இடைவெளி இரவில் இரண்டு பக்கமிருந்தும் நெருங்குகிறது. உங்கள் 7 ஆம்பியர்க் கோட்டை, வற்றிய மோட்டாரே தாண்டி மேலே போயிருக்கும் என்பது என் கணிப்பு. பலகை ஏமாறவில்லை; நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

புது மோட்டார் இறக்கிவிட்டீர்கள் என்றால் ஆம்பியரோடு வோல்ட்டும் வாட்டும் காட்டும் ஓர் அளவியை இணைத்து, பகலிலும் இரவிலும் எடுத்து எழுதுங்கள். வற்றிய நிலையில் பத்து விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். தண்ணீர் நிரம்பிய மோட்டாரில் நாங்கள் சுற்றும் கம்பியின் மேலுறை பெரும்பாலும் பிவிசி; அது எழுபது பாகை வெப்பத்தைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். கீழே தண்டைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்கும் தண்ணீர்தான் எண்ணெய்.

பொன்வண்டு

எனக்கு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒரு எச்பி மோட்டார். தண்ணீர் வற்றியதும் என் மீட்டரில் ஆம்பியர் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

செம்புச்சுருள்

பேனலிலிருந்து கிணற்றுக்குள் மூன்று கம்பிகள் இறங்கும். நீங்கள் உணரியை எந்தக் கம்பியில் மாட்டியிருக்கிறீர்கள்?

பொன்வண்டு

கெபாசிட்டரிலிருந்து வரும் கம்பியில். அதுதான் கைக்கு எட்டியது.

செம்புச்சுருள்

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கம்பி துணைச் சுருளுக்குப் போகிறது. சுமை குறையும்போது அந்தச் சுருளில் தோன்றும் மின்னழுத்தம் கூடும். அதனால் கெபாசிட்டர் வழியாகப் பாயும் மின்னோட்டமும் சற்றே கூடும். உணரியைப் பேனலுக்குள் நுழையும் பேஸ் கம்பியில் மாட்டுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து உள்ளே விட்டால் ஒன்றையொன்று அழித்து மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும்.

கிணற்றடி

புதிய மோட்டாரும் அதே வகை. PZEM-004T அளவியைப் பேனலுக்கு வரும் இணைப்பில் பொருத்தி, பத்து நாட்களாக எழுதியதில் முக்கியமானவற்றைத் தருகிறேன்.

பிற்பகல் 215 வோல்ட்டில் தண்ணீர் வரும்போது 9.6 ஆம்பியர், 1840 வாட், வற்றியபோது 5.9 ஆம்பியர், 690 வாட். இரவு 245 வோல்ட்டில் தண்ணீர் வரும்போது 8.9 ஆம்பியர், 1900 வாட்; வற்றியபோது 7.6 ஆம்பியர், 780 வாட்.

ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது. இரவில் வற்றிய மோட்டார் 7.6 ஆம்பியர் இழுக்கிறது. என் கோடு 7. அது நிற்க வழியே இல்லை. ஆனால் வாட்டைப் பாருங்கள்: பகலோ இரவோ, தண்ணீர் இருந்தால் 1800க்கு மேல், இல்லையென்றால் 800க்குக் கீழ். பவர் ஃபேக்டர் 0.89இலிருந்து 0.54க்கும், இரவில் 0.87இலிருந்து 0.42க்கும் விழுகிறது. இத்தனை நாளும் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நுண்கட்டு

வாட்டை அளப்பது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது ஊகமே. நீரோட்ட உணரிக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை என்ற என் கருத்து மாறவில்லை.

செம்புச்சுருள்

உங்கள் வாதத்தில் ஒரு பாதி சரி. கிணற்றுக்குள் ஏற்றுக்குழாய் வெடித்தாலோ, கழன்றாலோ, பம்பு முழுச் சுமையோடு தண்ணீரை மீண்டும் கிணற்றுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கும். வாட் மீட்டர் அப்போது எல்லாம் நலம் என்றே சொல்லும். நீரோட்ட உணரி மட்டுமே உண்மையைச் சொல்லும்.

மற்ற பாதியில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் சொல்லும் உணரியின் அளவு நிமிடத்துக்கு 30 லிட்டர் வரைதான். இவருடைய பம்பு அதைவிடக் கூடுதலாகத் தள்ளும். ஒன்றேகால் அங்குலக் குழாயை அரை அங்குலமாகக் குறுக்கினால் அழுத்த இழப்பு வேறு. அதை மன்னித்தாலும், உள்ளே சுழலும் சிறு சக்கரத்துக்குத் தண்ணீரும் காற்றும் ஒன்றுதான். வற்றும் தறுவாயில் பம்பு காற்றும் நீருமாகத் துப்பும்போது, அந்தக் காற்றே சக்கரத்தைச் சுற்றித் துடிப்பு கொடுக்கும். மணலும் உப்புப் படிவும் உள்ள கிணற்றில் சில மாதங்களில் சக்கரம் இறுகிவிடும். அப்போது தண்ணீர் வந்தாலும் மோட்டார் நிற்கும். நிற்பதால் கேடில்லை, ஆனால் நான்கு முறை வீணாக நின்றால், வீட்டுக்காரர் உணரியையே கழற்றி எறிந்துவிடுவார். கழற்றி எறிந்த பிறகு எரிந்து வந்த மோட்டார்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, காத்திருக்கும் நேரம். உணரியை மாடியில் வைத்தால், கீழே நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்து குழாய் காலியாகியிருக்கும் நாளில், தண்ணீர் மேலே வந்து சேரும்வரை பொறுக்க வேண்டும். 260 அடிக் குழாய் நிரம்ப ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் வற்றிய மோட்டாருக்குப் பாதுகாப்பு இல்லை. வாட்டுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். நீரில் மூழ்கிய பம்பு சுழன்ற உடனே சுமை ஏறிவிடும். குழாய் காலியாக இருந்தால் எதிர்ப்பு குறைவு என்பதால் தண்ணீர் இன்னும் வேகமாகப் போகுமே தவிர, சுமை இல்லாமல் போகாது. கிளம்பும் அதிர்ச்சி அடங்க நான்கைந்து விநாடி விட்டால் போதும்.

தரைத் தொட்டியிலிருந்து ஏற்றும் மோனோபிளாக் பம்பு என்றால் என் பதில் வேறு. அது காற்றை வெளியேற்றித் தண்ணீரைப் பிடிக்கவே நேரமாகும். தண்ணீரும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அங்கே துடுப்பு வகை நீரோட்டச் சுவிட்சைத் தாராளமாக வைக்கலாம்.

நுண்கட்டு

காற்றில் சுழலும் என்பதை நான் யோசிக்கவில்லை. என் வீட்டில் இருப்பது தரைத் தொட்டிதான். அதனால்தான் எனக்குச் சிக்கல் வரவில்லை போலும்.

கிணற்றடி

எல்லைக் கோட்டை எத்தனை வாட்டில் வைப்பது? நடுவாக 1300 என்று நினைத்தேன். ஒரு சோதனையும் செய்தேன்: மேலே கேட் வால்வை முழுதாக மூடிச் சில விநாடி ஓட்டியபோது 1120 வாட் காட்டியது.

செம்புச்சுருள்

நல்ல சோதனை. வால்வை மூடினால் தண்ணீர் நகராது, ஆனால் பம்புக்குள் கடையப்படும். வற்றினால் கடைவதற்கும் ஒன்றுமில்லை. 1000 என்று வைத்தால் வற்றியதை மட்டும் பிடிக்கும். 1300 என்று வைத்தால், யாராவது வால்வைத் திறக்க மறந்தாலும் நிறுத்தும். ஓட்டமில்லாத தண்ணீர் சூடேறி மோட்டாரைக் குளிர்விக்காது என்பதால் நான் 1300 பக்கம்தான்.

அதோடு, உங்கள் நிரலில் இன்னொரு ஓட்டை இருக்கக்கூடும். ஐந்து விநாடி தொடர்ந்து குறைவாக இருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். வற்றும் தறுவாயில் ஊற்று மெல்ல வந்துகொண்டிருந்தால், பம்பு ஒரு வாய் தண்ணீரும் ஒரு வாய் காற்றுமாக மாறி மாறி விழுங்கும். பேனல் முள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கிணற்றடி

ஆம், மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை 900க்கும் 1700க்கும் இடையே ஆடுகிறது. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் என் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. அரை மணி நேரம் ஆடினாலும் நிற்காது! ஐந்தை இரண்டாகக் குறைத்தால் மின்னழுத்தம் சற்றே சரிந்தாலும் நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன்.

நுண்கட்டு

இது என் பக்கம். பூஜ்யமாக்காமல், குறைவான விநாடிக்கு இரண்டு கூட்டி, நல்ல விநாடிக்கு ஒன்று கழியுங்கள். விநாடிக்கு ஒருமுறை இதை ஓட்டினால் போதும்:

```cpp
float p = pzem.power();
if (isnan(p) || p < 1300) score += 2;
else if (score > 0) score -= 1;
if (score >= 20) stopPump();
```

முழுதாக வற்றினால் 10 விநாடியில் நிற்கும். பாதி நேரம் தண்ணீரும் பாதி நேரம் காற்றுமாக ஆடினால் 40 விநாடி ஆகும். ஒரு கணம் சரிந்து மீண்டால் ஒன்றும் ஆகாது. மோட்டாரை ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் `score` மதிப்பைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.

`isnan` இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அளவியோடு தொடர்பு அறுந்தால் அந்த நூலகம் எண்ணுக்குப் பதில் `NAN` தரும். அதை 1300 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் சிறியது என்ற விடை ஒருபோதும் வராது. கம்பி கழன்ற நாளில் பலகை மோட்டாரை நிறுத்தவே நிறுத்தாது. இதைச் சொந்தச் செலவில் கற்றேன்.

செம்புச்சுருள்

இதை நான் யோசித்திருக்க மாட்டேன். என் பங்குக்கு ஒன்று: பலகையிலுள்ள சிறு ரிலேயால் நேராக மோட்டாரை நிறுத்தாதீர்கள், அது கான்டாக்டரின் காயிலை மட்டும் விடுவிக்கட்டும். நிறுத்தச் சொன்ன பிறகும் வாட் பூஜ்யமாகவில்லை என்றால் முனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். அப்போது பலகையால் செய்யக்கூடியது மணி அடிப்பது ஒன்றுதான்.

மேட்டுப்பட்டி தோட்டம்

ஏழரை எச்பி மும்முனை மோட்டார் வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய பேனல்தான். வெறும் ஆம்பியரைப் பார்த்தே ஆறு ஆண்டுகளாகச் சரியாக நிறுத்துகிறது. நீங்கள் எல்லோரும் ஏன் இத்தனை சிரமப்படுகிறீர்கள் என்று புரியவில்லை.

ஆனால் வற்றி வற்றி நிற்பதே தவறு என்பேன். நான் கேட் வால்வைக் குறுக்கி, ஊற்று எவ்வளவோ அவ்வளவு மட்டும் எடுக்கிறேன்.

செம்புச்சுருள்

உங்கள் மோட்டாரில் சுமையுள்ள ஆம்பியருக்கும் இல்லாத ஆம்பியருக்கும் இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும். ஒருமுனை மோட்டாரில் கெபாசிட்டரும் துணைச் சுருளும் சேர்ந்து அந்த இடைவெளியைக் குறுக்குகின்றன. அதோடு உங்கள் பகுதியில் மின்னழுத்தம் அதிகம் ஏறாமலும் இருக்கலாம்.

வால்வைக் குறுக்கும் யோசனை கிணற்றடி அவர்களுக்குப் பொருந்தும். ஊற்று எவ்வளவு என்று தெரியுமா?

கிணற்றடி

தொட்டியில் அளந்து கணக்கிட்டேன். ஆறரை அங்குலக் கிணற்றில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் நிற்கும். பம்புக்கு மேலே 60 அடித் தண்ணீர். குழாயும் கேபிளும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 360 லிட்டர். பம்பு நிமிடத்துக்கு 42 லிட்டர் எடுக்கிறது. கால் மணி நேரத்தில் வற்றுகிறது. அப்படியென்றால் கிணறு நிமிடத்துக்கு 24 லிட்டர் இழக்கிறது. மீதி 18 லிட்டர்தான் ஊற்று. மீண்டும் நிரம்ப 20 நிமிடமாவது ஆகும்; மட்டம் உயர உயர ஊற்று மெதுவாகும் என்பதால் மறுதொடக்கத்துக்கு 30 நிமிடம் வைத்திருக்கிறேன். 45 நிமிடத்துக்கு 630 லிட்டர் கிடைக்கிறது.

வால்வைக் குறுக்கி 20 லிட்டராக்கியதும், 2000 லிட்டர்த் தொட்டி இடையில் ஒருமுறைகூட நிற்காமல் 100 நிமிடத்தில் நிரம்பிவிட்டது. முன்பு மூன்று நான்கு முறை நின்று நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இப்போது ஓடும்போதே 1480 வாட்தான் காட்டுகிறது. 1300 என்ற கோடு மிக அருகில் வந்துவிட்டது.

செம்புச்சுருள்

வால்வைக் குறுக்கினால் கோட்டையும் மாற்றியே ஆக வேண்டும். 1250 வைத்துப் பாருங்கள்; மூடிய வால்வின் 1120க்கு இன்னும் மேலேதான் இருக்கிறது. மணல் தேய்த்துப் பம்பு பழையதாகும்போது இந்த எண்கள் மெல்ல இறங்கும். ஓராண்டு கழித்துக் காரணமின்றி நின்றால், கோட்டைக் கீழே இறக்குவதற்கு முன் வாளி வைத்துத் தண்ணீரை அளந்து பாருங்கள்.

ஒரு கவலை. ஆறரை அங்குலக் கிணற்றில் நான்கு அங்குல மோட்டாரைச் சுற்றிப் போதிய இடம் இருக்கிறது. 20 லிட்டர் மட்டும் எடுத்தால் அதன் மேனியை உரசிச் செல்லும் தண்ணீர் மிக மெதுவாக நகரும். அடுத்த முறை தூக்கும்போது மோட்டாரைச் சுற்றி ஒரு பிவிசி உறைக்குழாயை மாட்டுங்கள். அப்போது வரும் தண்ணீரெல்லாம் மோட்டாரை உரசிக்கொண்டே மேலேற வேண்டியிருக்கும்.

நுண்கட்டு

மெதுவான ஓட்டத்தால் மோட்டார் உண்மையிலேயே அவ்வளவு சூடாகுமா? கிணற்றுத் தண்ணீரே குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது?

செம்புச்சுருள்

கிணற்றைப் பொறுத்தது. நானே குறுக்கி வைத்த சில மோட்டார்கள் பத்தாண்டு ஓடியிருக்கின்றன. சில இரண்டாண்டில் வந்துவிட்டன. காரணம் அதுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேட்டுப்பட்டி தோட்டம்

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. மும்முனை வராத நேரத்தில் கெபாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுகிறேன். அப்போது பேனல் எந்த ஆம்பியரை நம்பும்? சில நாள் தண்ணீர் நன்றாக வரும்போதே டிரை ரன் என்று காட்டி நிற்கிறது. அதனால் இரண்டு பேஸில் ஓட்டும்போது அந்தக் காப்பை அணைத்து வைத்துவிடுகிறேன்.

செம்புச்சுருள்

அணைத்து வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேஸில் மூன்று கம்பிகளின் ஆம்பியரும் ஒன்றுபோல் இருக்காது. பேனலின் உணரி எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். மேலே பொன்வண்டு அவர்களுக்கு நேர்ந்ததுபோலவே இருக்கலாம். இரண்டு பேஸில் ஓடும்போது மூன்று கம்பிகளிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து, தண்ணீரோடு ஒருமுறையும் வால்வை மூடி ஒருமுறையும் எடுத்து இங்கே எழுதுங்கள். எண்களைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மேட்டுப்பட்டி தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை எடுத்து எழுதுகிறேன்.

கிணற்றடி

1250 வாட்டில் மூன்று வாரமாக ஓடுகிறது. வேண்டுமென்றே வால்வை முழுதாகத் திறந்து வற்றவிட்டு, இரவு 11 மணிக்கு 243 வோல்ட்டில் சோதித்தேன். முதலில் வாட் ஆடியது. பிறகு 34 விநாடியில் கான்டாக்டர் விடுபட்டது. ஏற்றுக்குழாய் கழன்றால் தெரியாதே என்ற குறை மட்டும் இருக்கிறது. மாடித் தொட்டியின் மட்டம் 20 நிமிடமாகியும் உயரவில்லை என்றால் நிறுத்தும்படி இன்னொரு வரி எழுதிப் பார்க்கப் போகிறேன்.